எண் பிசகாத படி

இந்திய அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவைத் திறந்து பார்த்தால், குடிமக்களின் சுதந்திரங்கள் (a), (b), (c), (d), (e) என்று வரிசையாக வந்து, சட்டென்று (g)-க்குத் தாவிவிடும். நடுவில் (f) இல்லை. அச்சுப் பிழை அல்ல இது. சொத்தை வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் உள்ள உரிமை ஒரு காலத்தில் அந்த (f)-இல் இருந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தச் சட்டம் அதை நீக்கியது. நீக்கியவர்கள் (g)-யை மேலே இழுத்து (f) ஆக்கவில்லை. இடத்தைக் காலியாகவே விட்டார்கள்.

காரணம் அதே பிரிவில் சற்றுக் கீழே இருக்கிறது. 19(6) என்ற உட்பிரிவு, தொழில், வணிகம் செய்யும் உரிமைக்கு அரசு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது. எந்த உரிமைக்கு என்பதை அது பெயர் சொல்லி மட்டும் விடவில்லை, (g) என்ற எழுத்தைச் சொல்லியே சுட்டுகிறது. அதுவரை வந்த தீர்ப்புகளும் 19(1)(g) என்றே எழுதியிருந்தன. (g) இடம் மாறினால் அத்தனை சுட்டல்களும் அந்தரத்தில் தொங்கும்.

இப்போது ஒருவர் இந்தப் பக்கத்தைக் கணினியில் தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேர்டு மென்பொருளில் (a) என்று அடித்து ஒரு வரி எழுதி என்டர் தட்டினால், அடுத்த (b)-யை மென்பொருளே போட்டுவிடும். (c), (d), (e) எல்லாம் தானாக வரும். அடுத்தது தொழில் செய்யும் உரிமை. அதற்கு மென்பொருள் கொடுக்கும் எழுத்து (f). தட்டச்சு செய்பவர் கவனிக்காவிட்டால், வார்த்தை ஒன்றுகூடப் பிசகாத, ஆனால் சட்டப்படி தவறான ஒரு படி தயாராகிவிடும்.

சென்னை உயர் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தட்டச்சு நிலையங்கள் நடத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மனுவோடு ஆவணங்களைச் சேர்த்துத் தாக்கல் செய்யும் தொகுப்பை அங்கே 'டைப்டு செட்' என்கிறார்கள். பழைய குத்தகை ஒப்பந்தம், மங்கிய ஒளிநகல், ஸ்டாப்ளர் பின் அடித்த இடத்தில் கிழிந்த பத்திரம் என்று எது வந்தாலும் படிக்கும்படியாகத் திரும்ப அடித்துக் கொடுக்க வேண்டும். வங்கிகளும் நிறுவனங்களும் காகித ஒப்பந்தங்களைக் கணினிக் கோப்பாக மாற்றும்போதும் இதே வேலைதான். வாக்கியத்தில் ஓர் எழுத்து விடுபட்டால் படிப்பவர் ஊகித்துக்கொள்வார். எண் மாறினால் ஊகிக்க வழியே இல்லை. தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவே கண்ணுக்குத் தெரியும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. ஒரு கடைக் குத்தகை ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கம் இப்படி இருக்கிறது என்று கொள்வோம். முந்தைய பக்கத்தில் 7.2 தொடங்கிவிட்டது. அதன் (b) வரிகளைப் பற்றியது. சொத்து வரியும் தொழில் வரியும் அங்கேயே முடிந்துவிட்டன.

```
         (iii) குடிநீர் வரி;
    (c) கட்டடப் பராமரிப்புக் கட்டணம்
ஆகியவற்றைக் குத்தகைதாரர் ஒவ்வொரு மாதமும்
10ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்.
7.3 [நீக்கப்பட்டது]
7.4 குத்தகைதாரர்
    (a) 7.2(b)-இல் கூறிய வரி எதையும் மூன்று
        மாதம் நிலுவை வைத்தால்; அல்லது
    (b) கடையை
         (i) உள்குத்தகைக்கு விட்டால்; அல்லது
         (ii) 5.1(c)-இல் கூறிய தொழில் தவிர
              வேறு தொழிலுக்குப் பயன்படுத்தினால்
உரிமையாளர் 30 நாள் அவகாசத்தில் அறிவிப்புக்
கொடுத்துக் குத்தகையை முடித்துக்கொள்ளலாம்.
```

பார்க்க எளிய பக்கம். ஆனால் அனுபவம் உள்ள தட்டச்சர் இதை மேலிருந்து கீழாக அடிக்கத் தொடங்க மாட்டார். முதலில் ஒரு துண்டுத் தாளில் எண்களை மட்டும் எழுதிக்கொள்வார், அதுவும் ஒவ்வொன்றையும் முழு விலாசத்தோடு. பக்கத்தின் முதல் வரியில் இருப்பது வெறும் (iii). அது எதனுடைய (iii)? பக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. முந்தைய பக்கத்தைப் புரட்டினால்தான் 7.2(b)(iii) என்று தெரியும். அதனால்தான் ஒரு பக்கத்தை மட்டும் அடித்துக் கொடுக்கச் சொன்னாலும், முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் கேட்டு வாங்குவது இந்தத் தொழிலில் பழக்கமாக இருக்க வேண்டும்.

அப்படி எழுதினால் கிடைக்கும் பட்டியல் இது:

```
7.2(b)(iii)
7.2(c)
7.2  (தொடர்ச்சி)
7.3  [நீக்கப்பட்டது]
7.4
7.4(a)         -> 7.2(b)
7.4(b)
7.4(b)(i)
7.4(b)(ii)     -> 5.1(c)
7.4  (தொடர்ச்சி)
```

இந்தப் பட்டியல்தான் வேலையின் முதுகெலும்பு. அம்புக்குறி போட்ட இடங்கள், ஒரு ஷரத்து இன்னொரு ஷரத்தைக் கைகாட்டும் இடங்கள். அடித்து முடித்த பிறகு சரிபார்க்க அவைதான் உதவும்.

இதில் 'தொடர்ச்சி' என்று குறித்த இரண்டு வரிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எண்களை மட்டும் கவனிப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். 'ஆகியவற்றைக் குத்தகைதாரர்...' என்று தொடங்கும் வரிக்கு எண் கிடையாது. அது (c)-க்கு அடுத்து வருகிறது, ஆனால் (c)-யின் பகுதி அல்ல. மூல ஆவணத்தில் அது இடது ஓரத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. அப்படித் திரும்பி வந்ததால்தான் அது (a), (b), (c) மூன்றுக்கும் பொதுவாகிறது. தட்டச்சு செய்பவர் அதை (c)-யின் நேர்கீழே உள்தள்ளி அடித்தால், மாதம் 10ஆம் தேதிக் கெடு பராமரிப்புக் கட்டணத்துக்கு மட்டும்தான் என்று வாதிட இடம் கிடைத்துவிடும். வரிகளுக்குக் கெடுவே இல்லாமல் போகும். எண்ணும் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை. மாறியது ஓரத்து இடைவெளி மட்டுமே.

7.4-இல் இது இன்னும் கடுமை. கடைசி வாக்கியத்தை (ii)-க்குக் கீழே தள்ளிவிட்டால், தொழிலை மாற்றினால் மட்டும்தான் உரிமையாளர் குத்தகையை முடிக்கலாம் என்று பொருள் வரும். வரி பாக்கியும் உள்குத்தகையும் பாதி வாக்கியமாக நின்றுவிடும். 'நிலுவை வைத்தால்' என்ன என்று கேட்டால் பக்கத்தில் பதில் இருக்காது.

அரசியல் சாசனத்திலும் இதே அமைப்பைப் பார்க்கலாம். குடியுரிமை பற்றிய 5ஆவது பிரிவில் மூன்று வகையினர் சொல்லப்படுகிறார்கள். இந்திய ஆட்சிப்பகுதியில் பிறந்தவர் (a), பெற்றோரில் ஒருவர் இங்கே பிறந்தவராக இருப்பவர் (b), சாசனத்தின் தொடக்கத்துக்கு முன் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இங்கே வசித்தவர் (c). மூவரும் இந்தியக் குடிமக்கள் என்று சொல்லும் முடிவு வரி, எண் எதுவும் இல்லாமல் (c)-க்குப் பிறகு இடது ஓரத்தில் வருகிறது. அந்த வரியை (c)-யோடு ஒட்டி அடித்த படியில், இந்த மண்ணில் பிறந்தவருக்குக் குடியுரிமை தரும் சொற்களே இல்லை.

ஆகவே ஓரத்தை அளந்து வைத்துக்கொள்வது அவசியம். ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு டேப் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால் போதும். முதல் நிலை ஓரத்தில், இரண்டாவது ஒரு டேப், மூன்றாவது இரண்டு டேப். ஸ்பேஸ் பாரைக் கண்மதிப்பில் தட்டி நகர்த்தினால், எழுத்துரு மாறியதும் எல்லாம் கலைந்துவிடும்.

அடுத்த சிக்கல் (i) என்ற குறி. அது ஆங்கில எழுத்து வரிசையின் ஒன்பதாவது எழுத்தாகவும் இருக்கலாம், ரோமன் எண்ணின் ஒன்றாகவும் இருக்கலாம். அச்சில் இரண்டும் ஒன்றுதான். அடிப்படைக் கடமைகளைச் சொல்லும் 51A பிரிவில் (h)-க்கு அடுத்து (i) வருகிறது. பொதுச் சொத்தைக் காக்க வேண்டும், வன்முறையைக் கைவிட வேண்டும் என்பது அந்தக் கடமை. அங்கே (i) ஓர் எழுத்து. அடுத்து (j) வருவதால் ஐயமில்லை. ஆனால் ஓர் ஒப்பந்தத்தில் (h)-க்குப் பிறகு (i) வந்து, அதற்கடுத்து (ii) வந்தால், அந்த (i) ரோமன் எண். அது (h)-க்கு உள்ளே இருக்கும் உட்பிரிவு, ஒரு படி உள்தள்ளி நிற்க வேண்டியது. (u)-க்குள் (iv) முடிந்ததும் வரும் (v)-க்கும், (w)-க்குள் (ix) முடிந்ததும் வரும் (x)-க்கும் இதே விதிதான். முன்னால் இருப்பதைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். பக்கம் (i)-யோடு முடிந்துவிட்டால் அடுத்த பக்கத்தைப் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

51A என்பதிலேயே இன்னொரு கண்ணியும் இருக்கிறது. 51A வேறு, 51(a) வேறு. முன்னது 1976இல் 42ஆவது திருத்தம் சேர்த்த தனிப் பிரிவு, குடிமக்களின் கடமைகளைச் சொல்வது. பின்னது 51ஆவது பிரிவின் முதல் உட்பிரிவு, சர்வதேச அமைதியையும் பாதுகாப்பையும் வளர்க்க அரசு முயல வேண்டும் என்பது. ஓர் அடைப்புக்குறியும், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பதும்தான் வித்தியாசம். ஒப்பந்தங்களிலும் பின்னர் சேர்த்த ஷரத்துக்கு 7A என்று எண் கொடுப்பது உண்டு. அதை 7(a) என்று 'திருத்தி' அடித்தால் ஒரு முழு ஷரத்து இன்னொன்றின் வயிற்றுக்குள் போய்விடும்.

இவ்வளவும் மனிதக் கண்ணின் வேலை. கணினி செய்யும் குறும்புகள் தனி.

வேர்டில் (c) என்று அடித்துப் பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் அது அடுத்த நொடியே © என்ற பதிப்புரிமைக் குறியாக மாறிவிடும். (r) என்று அடித்தால் ® வரும். உடனே கன்ட்ரோல்-இசட் அழுத்தினால் பழையபடி ஆகும். ஆனால் ஒவ்வொரு ஷரத்திலும் (c) வரும் ஆவணத்தில் இதை நம்பி உட்கார முடியாது. மென்பொருளின் அமைப்புகளில் AutoCorrect Options என்ற இடத்துக்குப் போய் அந்த மாற்றத்தை நீக்கிவிட வேண்டும். அங்கேயே AutoFormat As You Type என்ற பக்கத்தில் Automatic numbered lists என்பதற்கு எதிரே உள்ள டிக்கையும் எடுத்துவிட்டால், 19(1)(g)-க்கு நேர்ந்த கதி நேராது. அதன்பிறகு எண் என்பது நாம் அடிக்கும் எழுத்து. மென்பொருள் அதை மாற்றாது.

நம் மாதிரிப் பக்கத்தைத் தானியங்கி எண்ணில் அடித்தால் என்ன ஆகும் என்று பார்த்தால் இதன் தேவை புரியும். முதல் வரியின் (iii) புதுப் பட்டியலின் தொடக்கமாகக் கருதப்பட்டு (i) ஆகக்கூடும். அதைத் தொடரும் (c), (a) ஆகக்கூடும். 7.3-இல் சரக்கு எதுவும் இல்லையே என்று அந்த வரியை யாராவது அழித்தால், 7.4 மேலேறி 7.3 ஆகிவிடும். பதினோராம் பக்கத்தில் '7.4-இன்படி குத்தகை முடிந்தால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்று ஒரு வரி இருந்தால், அது இனி எதையும் சுட்டாது. அதைவிட மோசம், ஏறி வந்த 7.5-ஐச் சுட்டும்.

ஏற்கெனவே யாரோ அடித்துக் கொடுத்த கோப்பில் எண்கள் தானியங்கியா, அடித்தவையா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எண்ணின் மேல் ஒரு முறை கிளிக் செய்யவும். அந்த வரிசை எண்கள் மொத்தமாகச் சாம்பல் நிறம் காட்டி, கர்சர் உள்ளே போக மறுத்தால் அது தானியங்கி எண். தேடல் பெட்டியில் '7.4' என்று தேடினாலும் அந்தத் தலைப்பு எண் அகப்படாது, வாக்கியத்துக்குள் இருப்பவை மட்டுமே கிடைக்கும். அப்படிப்பட்ட கோப்பில் எண்கள் இப்போது சரியாக இருக்கின்றன என்று மூலத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்த பிறகு, அவற்றை அப்படியே எழுத்தாக உறைய வைத்துவிடலாம். கோப்பின் நகல் ஒன்றில் ஆல்ட்-எஃப்11 அழுத்தி, பிறகு கன்ட்ரோல்-ஜி அழுத்தினால் திறக்கும் கட்டத்தில் இந்த ஒரு வரியை அடித்து என்டர் தட்டினால் போதும்:

```
ActiveDocument.ConvertNumbersToText
```

ஷரத்துகளின் அட்டவணையை எக்செல்லில் தயாரிப்பவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். ஒரு கட்டத்தில் (3) என்று அடித்தால் எக்செல் அதைக் கணக்குப் பதிவு என்று நினைத்து -3 ஆக்கிவிடும். 7.10 என்று அடித்தால் கடைசிச் சுழியைத் தள்ளி 7.1 ஆக்கிவிடும். ஒப்பந்தத்தில் 7.1 முதல் ஷரத்து, 7.10 பத்தாவது ஷரத்து. அடிக்கத் தொடங்கும் முன்பே அந்தப் பத்தி முழுவதையும் Text வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது பாதுகாப்பான வழி. பிறகு மாற்றினால் போன சுழி திரும்பி வராது.

ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து மென்பொருள் எடுத்துத் தரும் எழுத்துகளிலும் எண்கள்தான் முதலில் அடிபடும். (l) என்ற எழுத்து (1) ஆகும், (ii) என்பது (11) ஆகும். வாக்கியத்தில் இப்படி ஒரு பிழை வந்தால் சொல் உடைந்து கண்ணில் படும். அடைப்புக்குறிக்குள் தனியாக நிற்கும் குறியில் அப்படி உடைவதற்குச் சொல்லே இல்லை. மேலே எழுதிய முழு விலாசப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால்தான் அகப்படும்.

பழைய தமிழ்ப் பத்திரங்களைப் படியெடுப்பவர்களுக்கு இதே தொல்லை வேறு உருவில் வருகிறது. தமிழ் எண் ௧-உம் க என்ற எழுத்தும் வடிவில் ஒன்று. ௨-உம் உ-வும் அப்படியே, ௭-உம் எ-யும் அப்படியே. எல்லாவற்றிலும் ஏமாற்றுவது ௮. எண்ணாக இருந்தால் அது எட்டு, எழுத்தாக இருந்தால் அ, வரிசையின் முதல். (அ), (ஆ), (இ) என்று போகும் பட்டியலா, ௬, ௭, ௮ என்று போகும் பட்டியலா என்பதை அக்கம்பக்கத்துக் குறிகளைப் பார்த்தே சொல்ல முடியும். கணினியில் இரண்டுக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிகிறதே என்று எண்ணுக்குப் பதில் எழுத்தை அடித்துவிட்டால், பிறகு தேடும்போது அந்த ஷரத்து கிடைக்காது.

மூலத்திலேயே எண் தவறாக இருந்தால் என்ன செய்வது? இது அடிக்கடி நடக்கிறது. இரண்டு (d) இருக்கும், அல்லது 9.3-க்கு அடுத்து 9.5 வரும். படியெடுப்பவரின் கை அதைச் சரிசெய்யத் துடிக்கும். செய்யவே கூடாது. கட்சிக்காரர்கள் கையெழுத்துப் போட்டது இரண்டு (d) உள்ள ஒப்பந்தத்தில்தான். இருப்பதை இருந்தபடி அடித்து, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் 'மூலத்தில் உள்ளபடி' என்று குறிப்பதே முறை. திருத்துவதா, திருத்த ஒப்பந்தம் போடுவதா என்பது கட்சிக்காரர்களும் அவர்களின் வழக்கறிஞர்களும் முடிவு செய்ய வேண்டியது. கிழிந்தோ மங்கியோ போய் எண் தெரியாத இடத்திலும் ஊகித்து நிரப்பாமல், 'எண் தெளிவில்லை' என்று குறிப்பதே நேர்மை.

அடித்து முடித்ததும் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மூலத்தை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் படியில் விரல் வைத்துத் தொடர்வார். தவறு நடப்பது வாசிக்கும் விதத்தில்தான். ஷரத்தின் வாசகத்தை மட்டும் வாசித்து எண்ணை விழுங்கிவிடுவார்கள். எண்ணையும் அடைப்புக்குறியையும் சேர்த்து, 'ஏழு புள்ளி இரண்டு, அடைப்புக்குள் சின்ன பி, அடைப்புக்குள் மூன்று ஐ' என்று வாசிக்க வேண்டும். ஷரத்து முடிந்து வாக்கியம் ஓரத்துக்குத் திரும்பும் இடத்தில் 'ஓரத்துக்கு வருகிறது' என்று சொல்ல வேண்டும். 7.10-ஐ 'ஏழு புள்ளி பத்து' என்றே சொல்ல வேண்டும், 'ஏழு புள்ளி ஒன்று சுழி' என்றால் கேட்பவர் தடுமாறுவார்.

இரண்டாவது ஆள் கிடைக்காதபோது தனியாளாகவும் ஒரு சோதனை செய்யலாம். முதலில் எழுதிய பட்டியலை மறைத்து வைத்துவிட்டு, அடித்து முடித்த படியிலிருந்து மட்டும் அதே போன்ற முழு விலாசப் பட்டியல் ஒன்றைப் புதிதாக எழுத வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வேறுபடும் வரிதான் பிழை உள்ள இடம். அம்புக்குறி போட்ட ஒவ்வொரு சுட்டலையும் எடுத்து, அது காட்டும் ஷரத்துக்குப் போய்ப் படித்துப் பார்ப்பது கடைசி வேலை. 7.4(a) வரி பாக்கியைப் பற்றிப் பேசி 7.2(b)-யைக் காட்டுகிறது. அங்கே வரிகள் இருந்தால் எண் சரி. அங்கே பராமரிப்புக் கட்டணம் இருந்தால் எங்கோ ஓர் எண் நகர்ந்திருக்கிறது.

இந்தக் கடைசிச் சோதனைக்குத் தட்டச்சோ சட்டமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, பழையதையே திரும்ப அடித்துக் கொண்டுவந்திருக்கிறோம் என்று சொல்லி முத்திரைத்தாளை நீட்டுவார்கள். பழைய படியையும் கையில் வைத்துக்கொண்டு, அறிவிப்புக் காலம், முன்பணம், ரத்து ஆகிய மூன்று ஷரத்துகளிலும் எங்கெல்லாம் வேறோர் எண் சொல்லப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் படித்துப் பாருங்கள். எண் பொருந்தாவிட்டால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அடிக்கச் சொல்லுங்கள்.